"சேதாரம் இல்லை" என்ற நகைச் சீட்டு, பில் போடும்போது

பல வருடங்களாக ஒரே நகைக்கடையில் 11 மாதச் சீட்டு கட்டி வருகிறேன். மாதா மாதம் கட்டும் பணத்தை அன்றைய விலைக்குத் தங்கமாக மாற்றி, கிராம் கணக்கில் வரவு வைக்கும் வகை. அந்த வரவில் இதுவரை குறை கண்டதில்லை. விலை ஏறிய காலத்தில் முன்கூட்டியே கிராமாகச் சேர்ந்தது நல்ல லாபம்தான். சிக்கல் எல்லாம் முதிர்வுக்குப் பிறகு பில் போடும்போது வருகிறது.

சேரும்போது சொன்னது, "செய்கூலி, சேதாரம் கிடையாது". இந்த முறை என் கணக்கில் 8 கிராம் இருந்தது. எடுத்த நெக்லஸ் 10 கிராம், சேதாரம் 22 சதவீதம். கூடுதல் 2 கிராமுக்கும் அதன் சேதாரத்துக்கும் சேர்த்து 2.44 கிராமின் விலையும், அதற்கு மேல் ஜிஎஸ்டியும் வரும் என்று எதிர்பார்த்தேன். பில்லில் இருந்தது 3.08 கிராம்.

விசாரித்தால், சீட்டுக்கு 14 சதவீதம் வரைதான் சேதாரத் தள்ளுபடியாம். மீதி 8 சதவீதத்தை நான் சேர்த்த 8 கிராமுக்கும் போட்டிருக்கிறார்கள்; அது 0.64 கிராம். பாஸ்புக்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் "குறிப்பிட்ட சதவீதம் வரை" என்று இருக்கிறது. எத்தனை சதவீதம் என்று எங்கும் இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

ஜிஎஸ்டி 3 சதவீதம், முழு நகைக்கும். இதில் கடையைக் குறை சொல்ல முடியாது. நாம் கட்டுவது முன்பணம். வரி, நகை வாங்கும் நாளில் பில்லின் மொத்த மதிப்புக்கு வருகிறது. ஆனால் சேர்த்த 8 கிராமுக்கும் கையிலிருந்து வரி கட்ட வேண்டும் என்பதைச் சீட்டில் சேர்க்கும்போதே சொல்ல வேண்டாமா?

அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்தில் சீட்டு இல்லாமல் வாங்கியவருக்கு அதே வகை நெக்லஸின் சேதாரத்தைப் பேரம் பேசி 16 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் 10 கிராம் நகைக்கு 11.6 கிராமின் விலை, எனக்கு 11.08. ஆக, சேதாரத்தில் சீட்டு எனக்குத் தந்தது அரை கிராம்தான். அதனால் சீட்டு பாஸ்புக்கை எடுத்துக் காட்டும் முன்பே சேதாரத்தைக் கேட்டுப் பேசிவிடுவது நல்லது.

நெக்லஸை வைத்துவிட்டு, 14 சதவீதத்துக்குள் இருக்கும் நகைகளைக் காட்டச் சொன்னேன். சீட்டுக்காரர்களை உட்கார வைக்கும் கவுண்டரில் ஒன்றுகூட இல்லை. மாடியில் சாதாரணச் செயின் பகுதியில் 12 சதவீதச் சேதாரத்தில் நிறையவே இருந்தன. 8 கிராமுக்குச் சற்றே கூடிய ஒரு செயினை எடுத்தேன். கூடுதல் மில்லிகிராமுக்கான பணமும் ஜிஎஸ்டியும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

புதுச் சீட்டு போடும்போது, "சேதாரத் தள்ளுபடி 14 சதவீதம் வரை" என்று பாஸ்புக்கில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் முதல் தவணையைக் கட்டினேன்.