தாத்தாவும் பேத்தியும் பழுது பார்த்த ரேடியோ: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

புதுப் பொருளை வாங்கிய முதல் வாரத்திலேயே அதைப் பற்றி எழுதிவிடுகிறோம். பழுது பார்த்த பொருளுக்கு அது சரிப்படாது. சரியாகப் பார்த்தார்களா, ஒப்பேற்றினார்களா என்பது பல மாதம் ஓடிய பிறகுதான் தெரியும். அதனால் கொஞ்சம் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

செட் இதுதான்: நான்கு பெரிய பேட்டரியில், அதாவது 6 வோல்ட்டில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. மீடியம் வேவ், ஷார்ட் வேவ் இரண்டும் உண்டு. பரணில் வருடக்கணக்காகக் கிடந்ததை என் அப்பாவும் என் மகளும் சேர்ந்து பாட வைத்தார்கள். அப்போதிலிருந்து தினமும் இரண்டு மணி நேரமாவது ஓடுகிறது. மீடியம் வேவுக்கு முழு மதிப்பெண் தரலாம். ஷார்ட் வேவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பழுது பார்த்த கதை. என் மகளுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் தரிக்காது. கேள்வி கேட்பாள், பதில் வருவதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள். அப்பா அவளை ஒரு தடவைகூட “உட்காரு” என்று சொல்லவில்லை. ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டார். “ஒரு நேரத்துக்கு ஒரு கேள்விதான். ரேடியோ அதுக்குப் பதில் சொன்னதும் நீ ஓடிப் போயிடலாம்.” இது நடக்கக் காரணம் ரேடியோதான் என்று நினைக்கிறேன். தொட்ட கணத்தில் சத்தமாகவோ மௌனமாகவோ பதில் வந்துவிடுகிறது. அவளுடைய பொறுமைக்கு அந்த அவகாசம் போதும்.

பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி ஒழுகிக் காய்ந்து போயிருந்தது. உள்ளே இருந்தவை பழைய சாதா துத்தநாக பேட்டரிகள். அவற்றின் கசிவு அமிலத் தன்மை உள்ளது, அதனால் சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். அல்கலைன் பேட்டரி ஒழுகியிருந்தால் அதற்கு எதிராக வினிகர். துடைத்துக் காய வைத்து, ஸ்பிரிங்கையும் தகட்டையும் நைஸ் உப்புத்தாளால் தேய்க்கும் வேலை அவளுடையது. ஓடியாடும் கைக்கு ஏற்ற வேலை, சந்தோஷமாகச் செய்தாள்.

புது பேட்டரி போட்டதும் சுவிட்சைத் திருப்பப் போனாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் மல்டிமீட்டரை பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவே தொடராக இணைத்து, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி செட் ஆன் செய்து, சத்தம் இல்லாமல் சும்மா இருக்கும்போது 10 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் எடுத்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிட வேண்டும். எங்கள் செட் 12 காட்டியது. ஆனால் சத்தம் மட்டும் துளியும் இல்லை.

“ஸ்பீக்கர் செத்துப் போச்சா தாத்தா?”

“அதுகிட்டயே கேளு.”

தனியாக ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் இரண்டு வயரை இணைத்து, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் மட்டும் தொடச் சொன்னார். ‘டக்’ என்றது. ஸ்பீக்கர் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் சத்தம் அதுவரை வந்து சேரவில்லை. இயர்போன் சொருகும் ஓட்டையைக் காட்டினார். அதற்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. இயர்போனைச் சொருகினால் அது விலகி ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். பல வருடம் தொடாமல் கிடந்தால் அந்தத் தகட்டில் களிம்பு ஏறி, சொருகாமலேயே துண்டித்த நிலையில் நின்றுவிடும். ஒரு பழைய இயர்போன் பிளக்கை நிறைய தடவை செருகி எடுத்தாள். கரகரவென்று உயிர் வந்தது. செத்த ரேடியோ என்று தூக்கிப் போடப்படும் செட்டுகளில் எத்தனைக்கு இதுதான் நோயோ!

வந்த சத்தம் காதை ஒட்டி வைத்தால் மட்டுமே கேட்டது. என்னைக் கேட்டால் மிக முக்கியமான கட்டம் இதுதான், ஏனென்றால் பழைய ரேடியோக்கள் பெரும்பாலும் இங்கேதான் நிரந்தரமாகக் கெட்டுப் போகின்றன. உள்ளே சின்னச் சின்ன தகர டப்பாக்களின் தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று திருகுகள் இருக்கும். பார்த்தாலே திருப்பத் தோன்றும். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தே விட்டாள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் ஐ.எஃப்., அதாவது இடைநிலை அலைவரிசைக் காயில்கள். நிலையத்தின் சிக்னல் எந்த அலைவரிசையில் வந்தாலும் செட் அதை 455 கிலோ ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டு பெருக்குகிறது. இந்தக் காயில்கள் அந்த ஒரே அலைவரிசைக்குச் சுருதி சேர்க்கப்பட்டவை. சிவப்பு ஆசிலேட்டர் காயில், டயலில் நிலையம் எந்த இடத்தில் விழும் என்பது அதன் கையில். இவை தாமாகச் சட்டென்று விலகுவது அபூர்வம். கருவி இல்லாமல் திருப்பினால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதும் கஷ்டம்.

அப்பா “தொடாதே” என்று சொல்லவில்லை. “பழுது அந்தப் பக்கம்தான்னு நிரூபிச்சுட்டுத் திருப்பு” என்றார்.

ரேடியோவை வால்யூம் கன்ட்ரோலில் இரண்டாகப் பிரிக்கலாம். அதற்கு முன்னால் இருப்பது நிலையத்தைப் பிடிக்கும் பாதி, பின்னால் இருப்பது சத்தத்தைப் பெருக்கும் பாதி. ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தில் விரலை வைத்துக்கொண்டு, அதன் நுனியால் வால்யூமின் நடுக்காலைச் சுரண்டினால், நம் உடம்பு வாங்கி வைத்திருக்கும் வீட்டு மின்சார இரைச்சல் உள்ளே போகும். பின்பாதி நன்றாக இருந்தால் ஸ்பீக்கர் உரக்கக் கத்த வேண்டும். இது கிசுகிசுத்தது. ஆக, குறை பின்பாதியில்தான், வண்ணத் திருகுகளுக்கு அதில் சம்பந்தமே இல்லை. அவள் ஸ்க்ரூடிரைவரை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள். எந்த அறிவுரைக்கும் அப்படி எடுத்திருக்க மாட்டாள்.

அடுத்து அதே நுனியை ஒரு படி தள்ளி, முதல் ஆடியோ டிரான்சிஸ்டருக்குள் சிக்னல் நுழையும் பேஸ் காலில் வைத்தாள். இப்போது உரத்த இரைச்சல்! வால்யூமில் தொட்டால் முனகல், டிரான்சிஸ்டரில் தொட்டால் கத்தல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சின்ன கண்டென்சர். “இதுதான்!” என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதைச் சோதிக்க, அதற்கு இணையாக ஒரு நல்ல கண்டென்சரைப் பிடித்துக் காட்டினார். அறை முழுக்கப் பேச்சு கேட்டது.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் இருக்கும் ஈரம் காலப்போக்கில் காய்ந்துவிடும். பழையது 5 மைக்ரோ ஃபாரட். இப்போது கிடைப்பது 4.7, அது போதும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செட்டுகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பொதுத் தரையாக இருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். எனவே ஊகிக்காமல் மீட்டரால் அளந்து பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

சால்டரிங் அவள் கையால்தான். சால்டரிங் இரும்பின் முனையை கண்டென்சரின் காலிலும் செம்புத் தடத்திலும் சேர்த்து வைத்து, ஈயத்தை முனையில் இல்லாமல் இணைப்பில் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் போனால் பழைய பலகையில் தடம் உரிந்து வந்துவிடும். டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் வைக்கும்போது அதன் காலை அப்பா இடுக்கியால் பிடித்துக்கொண்டார். சூடு இடுக்கிக்குப் போய்விடும், ஜெர்மானியம் தப்பிக்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. வால்யூமைக் கூட்டினால் ‘புக் புக் புக்’ என்று படகு மோட்டார் போல அடித்தது. உரத்த சத்தத்துக்கு, ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் படி ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்கும். அதைத் தாங்கிக் கொடுக்க பேட்டரிக்குக் குறுக்கே இருக்கும் 100 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் காய்ந்திருந்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் வோல்டேஜ் சரிந்து, அந்தச் சரிவு முன்னால் உள்ள படிகளுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதையும் மாற்றியதும் நின்றுவிட்டது.

இனி, இத்தனை நாள் ஓட்டியதில் கண்டது. மாற்றிய இரண்டு கண்டென்சரும் இன்றுவரை தொந்தரவு தரவில்லை. பேட்டரி மிதமான சத்தத்தில் இரண்டு மூன்று மாதம் வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் இழுப்பும் கூடும், அதனால் வேகமாகத் தீரும். வால்யூம் கன்ட்ரோல் மட்டும் ஈரமான மாதங்களில் கரகரக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பல தடவை திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரத்தால் அது அழுக்கு இல்லை, உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கிளீனரால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எங்களுடையது அந்தக் கட்டத்தை நெருங்குகிறது.

மற்றொரு குறை நம் காலத்தினுடையது. மொபைல் சார்ஜர், மலிவான எல்.இ.டி. பல்பு எதைப் பக்கத்தில் போட்டாலும் ‘ஙொய்’ என்று இரைச்சல் ஏறும். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடின் முனை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தத் திசையிலிருந்து வருவது மிகக் குறைவாகக் கேட்கும். எனவே செட்டை மெல்லத் திருப்பி முனையை இரைச்சலுக்கு நேராகக் காட்டினால் பெரும்பாலும் அடங்கும். என் மகள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறாள். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, எந்த பல்பு அதிகம் கத்துகிறது என்று பட்டியல் போடுகிறாள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பழைய வால்வு செட்டை இப்படி விரலை வைத்துச் சோதிக்கவே கூடாது. சிலவற்றில் சேஸிஸிலேயே மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்கும். அப்படி ஒன்றை யாரோ கொண்டுவந்தபோது, அவள் எவ்வளவோ கெஞ்சியும் அப்பா திறக்கவில்லை.

ஷார்ட் வேவ் இன்னும் சரியாகவில்லை. பேண்ட் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் நிலையம் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. சுவிட்சின் தொடுமுனைதான் என்கிறாள் அவள். அழுத்தும்போது பலகையும் சேர்ந்து வளைகிறது, அதனால் சால்டர் விட்டுப்போன இணைப்பாகவும் இருக்கலாம் என்கிறார் அப்பா. சுவிட்சைத் தொடாமல் பலகையை மட்டும் குச்சியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி அதுதான்.