இருபத்தெட்டாயிரம் ரூபாய், ஒரு மாதம், ஒரு பணிவான நினைவூட்டல்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் தீவில் இருந்து டிசைன் வேலை செய்கிறேன். ஆள் பெயரும் கடைப் பெயரும் சொல்லப்போவதில்லை. பாம்பன் பக்கம் கருவாட்டை பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிற கம்பெனி, அவ்வளவு போதும்.

ஒரு லோகோ, நெத்திலி, வாளை, சீலா என்று ஆறு பவுச் டிசைன். பேசினது முப்பத்தெட்டாயிரம், முன்பணம் பத்தாயிரம். மீதி இருபத்தெட்டாயிரம்தான் இந்தக் கதை.

ஃபைலைக் கொடுக்கிற அன்றைக்கு அந்தக் கம்பெனிக்காரரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை வஞ்சிரம். அம்மாவிடம் அரை மணி நேரம் உறவுமுறை விசாரித்து, எங்கள் மாமா வழியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் என்னிடம், “தங்கச்சி, சிவகாசில சிலிண்டர் போட ஆளு காத்துக்கிட்டு இருக்கான். ஃபைலை அனுப்பிரு, சனிக்கிழமை ஜிபே பண்ணிர்றேன். நம்ம பிள்ளைக்கு ஏமாத்துவனா?” என்றார். பவுச் அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் வெட்டணும், தாமதமானால் பிரஸ்ஸில் முறை தள்ளிப்போகும் என்பது எனக்கும் தெரியும். அனுப்பினேன். அது ஏப்ரல் 30. பில்லும் அன்றைக்கே போனது, கெடு மே 15.

சனிக்கிழமை வந்தது, போனது. கேட்டதற்கு, “தடைக்காலம்மா, போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, தெரியாதா?” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது என்று இந்தக் கடற்கரையில் பிறந்தவளுக்குப் பாடம் நடத்துகிறார். ஆனால் என் டிசைன் போட்ட பவுச்சில் பழைய சரக்கு ஆன்லைனில் விற்றுக்கொண்டே இருந்தது!

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும், ஜூன் 16 அன்று இதை அனுப்பினேன்:

“வணக்கம் அண்ணே. ஏப்ரல் 30 தேதியிட்ட பில் எண் 14-ல் மீதி ₹28,000. கெடு மே 15, அது முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பில்லையும் வங்கி விவரத்தையும் மறுபடி இணைத்திருக்கிறேன். ஜூன் 20-க்குள் அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் எந்தத் தேதியில் வரும் என்று எழுதிச் சொல்லுங்கள். வேலையில் குறை ஏதும் இருந்தால் அதையும் எழுதிச் சொல்லுங்கள்.”

இதில் எங்கே மரியாதைக் குறைவு? எழுத்தில் பதில் வரவில்லை, போன்தான் வந்தது. “ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்லை ஆடிட்டர் ஏத்துக்க மாட்டேங்கிறாரு.” சேவைத் தொழிலில் வருட வரவு இருபது லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை, பதியாதவள் வரி போடவும் கூடாது என்றேன். அடுத்த போனில் குரலே மாறிவிட்டது: “கலரு டல்லா இருக்கு தங்கச்சி, பாதி தர்றேன், முடிச்சுக்குவோம்.” ஒன்றரை மாதம் அந்தக் கலரில் விற்றுவிட்டு!

இங்கேதான் அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சிறு தொழிலுக்கு அரசு தருகிற உத்யம் பதிவை நான் செய்தவள், இந்த வேலைக்கு முன்பே. 2006-ஆம் வருட சிறு தொழில் சட்டப்படி, வேலை கைக்குப் போய் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். எழுத்தில் பேசின கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது, எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். அதற்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஜூனில் வந்த கலர் புகாருக்கு அங்கே என்ன மதிப்பு? இருபத்தெட்டாயிரத்துக்கும் அதன் வட்டிக்கும், சிறு தொழில்காரர்களின் பாக்கி வழக்கைக் கேட்கிற வசதியாக்கக் குழுவில் மனு போடப்போகிறேன்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மீதிப் பணம் வரும்வரை அச்சு ஃபைல் போகக் கூடாது, குறைந்த தெளிவில் மாதிரி மட்டும் அனுப்புங்கள். போனில் எது பேசினாலும் வைத்ததும் “நீங்கள் இப்போது சொன்னபடி” என்று வாட்ஸப்பில் எழுதிப் போடுங்கள், நான் அந்தக் கலர் பேச்சையும் அப்படித்தான் போட்டேன், நீலக் குறி விழுந்திருக்கிறது. உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கிற தளங்களில் மாட்டாதீர்கள், வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

மீனோடு வீட்டுக்கு வருகிறவரிடம் ஃபைலைக் கொடுக்காதீர்கள். இதை எழுதும்போதே அந்த ஆளிடமிருந்து “தங்கச்சி ஃப்ரீயா?” என்று ஒரு மெசேஜ். புது மாசிக் கருவாட்டு டப்பாவுக்கு லேபிள் வேணுமாம்.