மேற்கோளுக்குள் இருப்பதை எடுக்க எது சரி: `.*`, `.*?`, `[^"]*`

லேப் ஷீட்டில் மாதிரிக்குக் கொடுத்திருக்கும் அப்பாச்சி லாக் வரிகளில் ஒன்று இது:

```
192.0.2.7 - - [12/Mar/2024:10:15:32 +0530] "GET /index.html HTTP/1.1" 200 512 "-" "curl/7.88.1"
```

மேற்கோள் குறிகளுக்குள் இருப்பவற்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது இதுதான்:

```
grep -o '".*"' access.log
```

மூன்று துண்டுகள் வர வேண்டிய இடத்தில் `"GET` தொடங்கி வரியின் கடைசி வரை ஒரே துண்டாக வரும். புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும்; மேற்கோள் குறியும் அதில் அடக்கம். நட்சத்திரமோ முடிந்த அளவு நீளமாக எடுக்கப் பார்க்கும். வரியில் ஒரே ஒரு ஜோடி மேற்கோள் இருந்தால் விடை சரியாகவே வந்துவிடும். அதனால்தான் இந்தத் தவறு பல நாள் கண்ணில் படாமல் இருக்கிறது.

அடுத்தது `".*?"`. கேள்விக்குறி சேர்ந்தால் நட்சத்திரம் முடிந்த அளவு குறைவாக எடுக்கும். மூன்று துண்டுகளும் கிடைக்கும். ஆனால் குனூ கிரெப்பில் இதற்கு `-P` தேவை. `-E` போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. பழையபடி நீளமான ஒரே துண்டுதான் வரும்.

மூன்றாவது `"[^"]*"`. மேற்கோள் குறி அல்லாத எழுத்துகளை மட்டும் எடு என்கிறது. `-P` கூடத் தேவையில்லை, அதே மூன்று துண்டுகள்.

அப்படியானால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதானா? இல்லை. வரியின் கடைசித் துண்டான யூசர் ஏஜென்ட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள்:

```
grep -oP '".*?"$' access.log
grep -o '"[^"]*"$' access.log
```

இரண்டாவது கட்டளை `"curl/7.88.1"` என்று மட்டும் தரும். முதலாவது மறுபடியும் `"GET` முதல் கடைசி வரை தரும். தேடல் இடமிருந்து தொடங்குகிறது. முதல் மேற்கோள் குறியிலேயே நின்று, `$` பொருந்தும் வரை கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. வழியில் வரும் மேற்கோள் குறிகளைத் தாண்டக் கூடாது என்று நாம் எங்கும் சொல்லவில்லையே. `.*?` வரியிலேயே மிகச் சிறிய துண்டைத் தேடித் தரும் என்று நினைப்பது தவறு. தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு குறைவாகப் போக முடியும் என்றுதான் பார்க்கும்.

என் தேர்வு மூன்றாவதுதான். எதைத் தாண்டக் கூடாது என்பதை அது பேட்டர்னிலேயே சொல்லிவிடுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. யூசர் ஏஜென்ட்டுக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அப்பாச்சி அதை `\"` என்று எழுதும். `"Foo \"Bar\" 1.0"` என்று முடியும் வரியில் அந்த பேட்டர்ன் `" 1.0"` என்ற வாலை மட்டும் பிடிக்கும். அப்படிப்பட்ட வரிகளுக்கு இது:

```
grep -oE '"([^"\\]|\\.)*"$' access.log
```

மேற்கோள் குறியும் பின்சாய்வும் அல்லாத எழுத்து, இல்லையென்றால் பின்சாய்வும் அதை ஒட்டி வரும் ஓர் எழுத்தும்: இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஒவ்வொரு அடியிலும் எடுக்கும். அப்போது `\"` முடிவாகக் கருதப்படாது, துண்டு முழுதாக வரும்.