மட்டக்களப்பில் மணிக்கூடு திருத்தக் கொடுப்பவர்கள் இதை வாசியுங்கள்

அப்பா கட்டாரில் இருந்து கொண்டு வந்த சீகோ 5 ஓட்டோமெட்டிக் மணிக்கூட்டை நகரில் உள்ள ஒரு திருத்துபவரிடம் கொடுத்தேன். சேவிஸ் பண்ண 4,500 ரூபாய் என்றார். எடுக்கப் போனபோது 9,800 கேட்டார். மணிக்கூடு இன்றைக்கும் பிந்தித்தான் ஓடுகிறது. போன திங்கட்கிழமை அவர் கையில் கொடுத்த கடிதத்தைக் கீழே போடுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை.

ஐயா,

நான் மணிக்கூட்டைத் தந்தபோது அது ஒரு நாளைக்கு ஆறு நிமிடம் பிந்தியது. கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். எடுக்க வந்த அன்று, மெயின் ஸ்பிரிங்கும் மாற்றியதால் காசு கூடிவிட்டது என்றீர்கள். மாற்றும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன், "அதெல்லாம் எறிஞ்சாச்சி தங்கச்சி" என்றீர்கள். தந்த துண்டில் "சேவிஸ் 9800" என்று மட்டும் இருக்கிறது, ஸ்பிரிங் பற்றி ஒன்றும் இல்லை.

வீட்டில் மூன்று நாள் தொலைபேசி நேரத்தோடு ஒத்துப் பார்த்து எழுதி வைத்தேன். முதல் நாள் 3 நிமிடம் 50 வினாடி பிந்தியது. இரண்டாம் நாள் 4 நிமிடம் 10 வினாடி. மூன்றாம் நாள் கையில் கட்டாமல் மேசையில் முகம் மேலே இருக்க வைத்தேன், அப்போது 2 நிமிடம் 40 வினாடி. இந்த 7எஸ்26 இயந்திரம் நாளுக்கு 20 வினாடி பிந்தலாம், 40 வினாடி முந்தலாம் என்பதுதான் கம்பனி சொல்லும் அளவு.

திரும்பக் கொண்டு வந்தபோது, "நீங்க கையை அசைக்கிறது காணாது, ஒவ்வொரு நாளும் சாவி குடுங்க" என்றீர்கள். அசைவு காணாமல் போனால் மணிக்கூடு நின்றுபோகும். முழுதாக ஏறியிருக்கும்போதே மணிக்கு பத்து வினாடி பிந்தினால் அதற்குக் காரணம் கை அல்ல. அதோடு இந்த இயந்திரத்துக்குத் திருகுக் குமிழால் சாவி கொடுக்கவே முடியாது, அசைத்துத்தான் ஏற்ற வேண்டும். மெயின் ஸ்பிரிங்கை மாற்றினேன் என்று சொன்னவருக்கு இது தெரியாமல் இருந்ததுதான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தந்தது.

பிறகு கல்முனையில் வயதான ஒரு திருத்துபவரிடம் காட்டினேன். என் கண் முன்னாலேயே பின்மூடியைத் திறந்தார். பலன்ஸ் சக்கரத்தின் மேலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்பு கூட்டும் பக்கத்தின் கடைசி வரை தள்ளப்பட்டிருந்தது. சக்கரங்களின் அச்சு சுழலும் கல் குழிகளில் பழைய எண்ணெய் கறுத்து ஒட்டிக் கிடந்தது. சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலம் என்ற தகட்டைக் கழற்றிக் கழுவியிருந்தால் அது அங்கே இருந்திருக்காது. எண்ணெய் காய்ந்ததால் பலன்ஸ் சக்கரம் முழு வீச்சில் ஆடவில்லை. நெம்பைத் தள்ளியதால் ஆறு நிமிடம் நாலு நிமிடமாகக் குறைந்ததே தவிர, நோய் அப்படியே இருக்கிறது. மெயின் ஸ்பிரிங் புதியதா என்று அதன் பீப்பாயைத் திறக்காமல் சொல்ல முடியாது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். ஆனால் அதை எடுக்கவும் அந்தப் பாலத்தைத்தான் கழற்ற வேண்டும்.

ஆகவே, பேசியதற்கு மேலாக வாங்கிய 5,300 ரூபாயையும், செய்யாத சேவிசுக்கான 4,500 ரூபாயையும் பதினாலு நாளுக்குள் திருப்பித் தாருங்கள். திரும்பவும் உங்களிடம் திறக்கத் தர எனக்கு மனமில்லை. அப்பா இருபது வருடம் கட்டிய மணிக்கூடு அது.

கடிதம் இவ்வளவுதான். வாங்கி வாசித்தார், "பாப்பம்" என்றார், அதற்குப் பிறகு பதில் இல்லை. அவர் தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன், 1977 என்ற இலக்கம் அவர்களுடையது. சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் அந்த ஒரு வரித் துண்டையும் கடிதத்தின் பிரதியையும் நாளுக்கு எவ்வளவு பிந்தியது என்று எழுதிய தாளையும் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் துண்டில் என்ன வேலை, எவ்வளவு காசு என்று எழுதி வாங்குங்கள். மாற்றும் பாகத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி அந்த நெம்பு நிற்கும் இடத்தை ஒரு படம் எடுங்கள். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவரிடம் காட்டுவதற்கு என்னிடம் அதுவாவது இருந்திருக்கும்.