ஒன்றரை வருடம், பதினாறு போல்ட்: நானே பூட்டிய ஜிம் பெஞ்ச்

சாய்மானத்தை ஏற்றி இறக்கக்கூடிய உடற்பயிற்சி பெஞ்ச் ஒன்றைப் பெட்டியில் பாகங்களாக வாங்கி, வீட்டில் நானே பூட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்துக்கு நாலு நாள் அதன் மேல் படுத்துதான் டம்பெல் தூக்குகிறேன். பெஞ்சின் குஷன், நிறம் பற்றியெல்லாம் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சொல்ல வேண்டியது அதன் போல்ட்டுகளைப் பற்றித்தான்.

மொத்தம் பதினாறு. இரும்புச் சட்டத்தை இணைக்க எட்டு எம்10 போல்ட், அதாவது பத்து மில்லிமீட்டர் தடிமன் உள்ளவை, முதுகுப்பலகையும் இருக்கையும் மடங்கும் இடத்தில் இரண்டு கீல் போல்ட், குஷனைச் சட்டத்தோடு பிடிக்க ஆறு எம்8 போல்ட். சட்டத்துக்கும் கீலுக்கும் நைலாக் நட். அதாவது உள்ளே ஒரு நைலான் வளையம் வைத்த நட். பெட்டியோடு தகட்டில் வெட்டிய ஒரு சின்ன ஸ்பேனரும் ஆலன் கீயும் வந்தன. அந்த ஸ்பேனரை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன். நட்டின் முனைகளை மழுக்குவதற்குத்தான் அது லாயக்கு. என் எம்10 போல்ட்டுகளின் தலை 17 மில்லிமீட்டர். அதே அளவில் இரண்டு ரிங் ஸ்பேனர் இருந்தால் போதும். ஒன்று தலையைப் பிடித்துக்கொள்ள, ஒன்று நட்டைத் திருப்ப.

முதல் நாள் செய்த தப்பு, ஒவ்வொரு இணைப்பையும் பூட்டிய கையோடு முழுசாக இறுக்கிவிட்டது. எட்டாவது போல்ட் ஓட்டைக்குள் போகவே மறுத்தது, தட்டித்தான் நுழைத்தேன். நிமிர்த்தி வைத்தால் நாலு முனையில் ஒன்று தரையைத் தொடாமல் ஆடியது. தரை சரியில்லையோ என்று இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், அப்போதும் அதே முனைதான் தூக்கிக்கொண்டு நின்றது. சட்டமே முறுக்கிக்கொண்டுவிட்டது. ஓட்டைகள் போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது பாகங்கள் தங்கள் இடத்தில் உட்கார்வதற்காக. நானோ அவை உட்காரும் முன்பே பூட்டிவிட்டேன். எல்லாவற்றையும் தளர்த்தி, கையால் திருகும் அளவுக்கு மட்டும் விட்டு, சமதளத் தரையில் வைத்து, மேலே உட்கார்ந்து இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு, அப்புறம் அடிச்சட்டத்திலிருந்து மேல்நோக்கி, இடம் வலமாக மாறி மாறி இறுக்கினேன். ஆட்டம் போய்விட்டது.

நைலாக் நட்டில் ஒரு ஏமாற்று உண்டு. நைலான் வளையம் மரையைக் கவ்வத் தொடங்கியதுமே ஸ்பேனர் கனக்க ஆரம்பிக்கும். இறுகிவிட்டது என்று கை நினைத்துக்கொள்ளும். ஆனால் நட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை, வாஷரை விரல் நகத்தால் சுற்றிப் பார்ப்பது. சுற்றினால் அந்த இணைப்பு இன்னும் பிடிக்கவே இல்லை. முழுசாக இறுகிய பிறகு போல்ட்டின் முனையில் ஒன்றிரண்டு மரையாவது நைலானைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும்.

எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் எம்10க்கு அட்டவணையில் போட்டிருக்கும் எண் இங்கே அப்படியே பொருந்தாது. போல்ட் போவது உள்ளே வெற்றிடமான சதுரக் குழாய் வழியாக. அளவு மீறினால் குழாயின் சுவர் உள்ளே அமுங்கும். ஒரு இடத்தில் வாஷரைச் சுற்றிப் பெயின்ட் வெடிப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். ஸ்பேனர் உறுதியாக நின்ற பிறகு உடம்பின் எடையைப் போட்டுத் தள்ளக் கூடாது, கையின் பலமே போதும்.

இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மீதும் தொடங்கி வாஷர், குழாய் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். நட் திரும்பினால் கோடு உடைந்து தெரியும் என்ற கணக்கு. பத்தாம் நாள் பார்த்தேன். எட்டுக் கோடும் நேராகவே இருந்தன. சரி, எதுவும் நகரவில்லை என்று விட்டிருப்பேன். ஏதோ சந்தேகத்தில் ஸ்பேனர் போட்டுப் பார்த்தால், எட்டில் ஐந்து நட்டுகள் அரைக்கால் சுற்று முதல் கால் சுற்று வரை சுலபமாகத் திரும்பின.

நட் திரும்பாமலேயே இணைப்பு தளர்ந்திருந்தது! காரணம் சட்டத்தின் மேல் பெயின்ட்டாக இருக்கும் பவுடர் கோட்டிங். வாஷருக்கு அடியிலும், இரண்டு குழாய்கள் ஒட்டும் இடத்திலும் அந்தப் பூச்சு இருக்கிறது. இறுக்கும்போது போல்ட் மிகக் கொஞ்சமாக நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புதான் பாகங்களை அழுத்திப் பிடிக்கிறது. பாரம் ஏறி ஏறிப் பூச்சு மெல்ல நசுங்கும்போது போல்ட்டின் இழுப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. அந்தத் தளர்ச்சியை விட்டுவைத்தால் பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும், அதற்குப் பிறகுதான் நட்டே கழன்று திரும்பும். கோடு காட்டுவது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும். அதனால் முதல் மாதத்தில் கோட்டை நம்பாமல் ஸ்பேனரை நம்புங்கள். சோதிக்கும்போது தளர்த்திப் பார்க்காதீர்கள், இறுக்கும் திசையிலேயே மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மூன்றாம் மாதம் பின்கால் பக்கம் இரண்டு மட்டும் கொஞ்சம் திரும்பின. அதற்குப் பின் சட்டத்தில் எதுவும் அசையவில்லை.

கீல் போல்ட் இரண்டும் வேறு ஜாதி. ஆர்வத்தில் அவற்றையும் முழுசாக இறுக்கியிருந்தேன். முதுகுப்பலகை தானாக இறங்காமல் அந்தரத்தில் நின்றது. அங்கே நட்டைப் பின்வாங்கி, பலகை தன் எடையிலேயே இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது என்ற இடத்தில் விட வேண்டும். பாதியில் நின்றாலும் நைலான் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் அங்கே நைலாக் நட் போடுகிறார்கள். சாதா நட் ஏற்றி இறக்கும் அசைவிலேயே கழன்றுவிடும். ‘எல்லா போல்ட்டையும் நன்றாக இறுக்கவும்’ என்று கையேட்டில் ஒரே வரியாகப் போட்டிருந்தார்கள். எழுதியவர் இந்தப் பெஞ்சைப் பூட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

எட்டாம் மாதம் ஒரு கிறீச் சத்தம். காலை ஊன்றி எடையைத் தள்ளும்போது மட்டும் வரும். சட்டத்து நட்டுகள் எல்லாம் கெட்டியாகவே இருந்தன. வீட்டில் ஒருவரை மேலே படுத்து அசையச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பாகத்தையும் ஒரே விரல் தொடுமாறு வைத்துப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் விரல் நுனியில் வழுக்கல் தெரிந்தது. குஷன் போல்ட் ஒன்று. அது பிடிப்பது குஷனுக்குள் இருக்கும் பிளைவுட்டில் பதித்த, பல் வைத்த நட்டை. மரம் அமுங்க அமுங்கத் தளர்ந்திருக்கிறது. இங்கே முரட்டுத்தனம் கூடாது. அந்தப் பல் மரத்தைப் பிய்த்துக்கொண்டு நட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால், குஷன் துணியைக் கிழிக்காமல் சரிசெய்ய முடியாது. ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, விரல் பலத்தில் மட்டும் இறுக்கினேன். சத்தம் நின்றது. இப்போது அந்த ஆறையும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

நடுவில் அறை மாற்றும்போது முழுசாகப் பிரித்துத் திரும்பப் பூட்டினேன். பழைய நைலாக் நட்டுகளில் மூன்று, நைலான் பகுதியைத் தாண்டியும் வெறும் விரலால் சுற்றின. பிடி போய்விட்டது என்று அர்த்தம். அவற்றை மாற்றிவிட்டு, மறுபடி பத்தாம் நாள் ஸ்பேனர் போட்டேன். பூச்சு ஏற்கெனவே நசுங்கியிருந்ததால் இந்த முறை ஒரே ஒரு நட்தான் திரும்பியது.

முதுகுப்பலகையின் நுனியில் இன்னும் ஒரு சின்ன ஆட்டம் மிச்சமிருக்கிறது. சாய்வை மாற்றும் பல் தகட்டுக்கும் அதில் உட்காரும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. எந்த போல்ட்டை இறுக்கினாலும் போகாது. கம்பி பல்லின் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் படுப்பதற்கு முன் பார்த்துக்கொள்கிறேன்.