சுமை விழுந்தால் எந்தப் படிவம்? நான்கு பெயர்கள், ஒரு கிரேன்

சீனக்குடாப் பக்கத்தில் ஓர் இரும்பு வேலைத்தளம் என்று வைத்துக்கொள்வோம். 3 தொன் தூக்கும் மேல்நிலைக் கிரேன். சுமையைக் கொக்கியில் மாட்டும் இரண்டு கால் கம்பிக்கயிற்று ஸ்லிங்கில் 1.5 தொன் கம்பிக் கட்டு ஒன்று நகர்கிறது. தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்தில் கட்டு பொத்தென்று விழுகிறது. கீழே யாரும் இல்லை. கொங்கிறீட் தரையில் ஒரு குழி விழுந்ததோடு சரி.

"ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லத்தானே ஐயா, நியர் மிஸ் எண்டு எழுதி விடட்டா?" என்று மேற்பார்வையாளர் கேட்பார். அதற்குப் பாதுகாப்பு அதிகாரி திருப்பிக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "எது அறுந்தது தம்பி?"

சம்பவம், நியர் மிஸ், ஆபத்தான நிகழ்வு, விபத்து என்ற நான்கு பெயர்களையும் சிறிதிலிருந்து பெரிது வரை அடுக்கிய படிக்கட்டாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். விபத்தா என்பதை ஆளுக்கு என்ன நடந்தது என்பது தீர்மானிக்கிறது. ஆபத்தான நிகழ்வா என்பதை எந்தப் பொருள் செயலிழந்தது என்பது தீர்மானிக்கிறது. ஆளுக்குக் காயம் இல்லை, ஆனால் பட்டிருக்கலாம் என்றால் நியர் மிஸ். சம்பவம் என்பது இவற்றையெல்லாம் போட்டு வைக்கும் பெரிய பை. ஆகவே ஒரே விழுகைக்கு இரண்டு பெயர்கள் சேர்ந்தே பொருந்தலாம்.

சம்பவம்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சொல்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ISO 45001:2018 தரநிலையில் சம்பவம் என்றால் வேலையின்போது காயத்தை உண்டாக்கிய அல்லது உண்டாக்கக்கூடிய எந்த நிகழ்வும் அடங்கும். காயம் பட்டதைச் சிலர் விபத்து என்பார்கள், படாமல் போனதை நியர் மிஸ் என்பார்கள் என்று குறிப்பும் அங்கேயே உண்டு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1996 ஆம் ஆண்டு நடைமுறைக் கோவையோ காயமே இல்லாததையும் முதலுதவியோடு முடிந்ததையும் மட்டும் சம்பவம் என்கிறது. இரண்டில் எதைப் பின்பற்றி உங்கள் நிறுவனப் படிவம் அச்சிடப்பட்டது என்பதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அது உள்வீட்டுப் படிவம். அதை நிரப்பியதால் தொழில் திணைக்களத்துக்கான கடமை தீர்ந்துவிடாது. நமது கட்டு விழுந்ததில் தரை சேதமானது சம்பவப் படிவத்தில் பதியவேண்டிய விடயம், அவ்வளவே.

நியர் மிஸ்ஸும் ஆபத்தான நிகழ்வும்: கொக்கிதான் எல்லை

அதிகம் பிழை விடும் இடம் இதுதான். இரண்டிலும் யாருக்கும் காயம் இல்லாமல் இருக்கலாம், இரண்டும் ஒரே மாதிரிப் பயமுறுத்தலாம். ஆபத்தான நிகழ்வு என்பது பயத்தின் அளவைப் பொறுத்ததல்ல, சட்டம் பட்டியலிட்டதைப் பொறுத்தது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆளுக்குக் காயம் இல்லாவிட்டாலும் சில வகை நிகழ்வுகளை அறிவிக்கச் சொல்லும் ஒழுங்குவிதிகளுக்கு இடம் தருகிறது. பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்ட மரபில் வந்த அந்தப் பட்டியலில் இயந்திர விசையால் சுழலும் சக்கரமோ அரைக்கல்லோ வெடித்துச் சிதறுவது, கிரேன், வின்ச் போன்ற தூக்கும் சாதனமோ அதன் ஒரு பகுதியோ முறிந்து விழுவது அல்லது செயலிழப்பது, கிரேன் கவிழ்வது, அழுத்தத்தில் வாயு அடைத்த கலன் வெடிப்பது போன்றவை இருக்கும். தூக்கும் சாதனத்துக்கு ஒரு விலக்கும் உண்டு: சங்கிலி ஸ்லிங் அல்லது கயிற்று ஸ்லிங் அறுந்தால் அது இதில் சேராது.

இந்த விலக்கை வைத்து நமது கட்டைப் பாருங்கள். கிரேனின் டிரம்மில் சுற்றி, கப்பி வழியாகக் கொக்கிக்கு வரும் கயிறு அறுந்திருந்தால் அது கிரேனின் உறுப்பு. ஆபத்தான நிகழ்வு, அறிவிக்கவேண்டும். கொக்கிக்குக் கீழே மாட்டிய ஸ்லிங் அறுந்திருந்தால் விலக்குக்குள் வரும், நியர் மிஸ் படிவம் போதும். ஒரே கட்டு, ஒரே குழி, அறுந்த இடம் ஒரு முழம் மேலே கீழே போனால் படிவம் மாறிவிடுகிறது. கொக்கி, அதன் தாழ்ப்பாள், கொக்கி தொங்கும் கப்பித் தொகுதி எல்லாம் கிரேனைச் சேர்ந்தவை. கொக்கி விரிந்து ஸ்லிங் கழன்றிருந்தால், ஸ்லிங் முழுதாக இருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது.

விலக்கு சங்கிலிக்கும் கயிற்றுக்கும் மட்டும் என்பதையும் கவனியுங்கள். ஷக்கிள் ஊசி முறிந்தது, தூக்கும் குறுக்குச் சட்டம் வளைந்து உடைந்தது போன்றவற்றை அதற்குள் திணிக்க முடியாது. பொலியெஸ்ரர் பெல்ட் ஸ்லிங் கிழிந்தால் வாதத்துக்கு இடமுண்டு, ஆனால் எழுத்தில் அது சங்கிலியும் அல்ல, கயிறும் அல்ல. எங்கள் கருத்தில் இந்த மூன்றையும் அறிவிப்பதே நல்லது. தேவையில்லாமல் அனுப்பிய அறிவித்தலால் ஒரு தாள் வீண். அனுப்பாமல் விட்டது பிறகு வெளிவந்தால் விளக்கம் சொல்லவேண்டியது நிறுவனம்.

சுமை கீழே விழாமலும் ஆபத்தான நிகழ்வு நடக்கும். தூக்கிய சுமை தானாக அரை மீற்றர் இறங்கி நின்றுவிட்டது, இயக்குநர் பொத்தானைத் தொடவே இல்லை என்றால் பிரேக் சுமையைத் தாங்கவில்லை என்று பொருள். சாதனத்தின் ஒரு பகுதி சுமையோடு செயலிழந்திருக்கிறது. இதை "பிரேக் கொஞ்சம் லூஸ்" என்று பராமரிப்புப் புத்தகத்தில் எழுதி மூடிவிடுவது வழக்கமான தவறு. காலையில் சுமையில்லாமல் சோதிக்கும்போது மேல் எல்லைச் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று கண்டால் கதை வேறு. அங்கே எதுவும் நடக்கவில்லை, பழுது கண்டுபிடிக்கப்பட்டது மட்டுமே. அது நான்கிலும் சேராது. பழுது அறிக்கையை எழுதி, கிரேனை நிறுத்திவைக்கவேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் ஒருவரை இடிக்கப் பார்த்து மயிரிழையில் நின்றது என்றால், எவ்வளவு பதறினாலும் அது நியர் மிஸ்தான். சாதனத்தில் எதுவும் உடையவில்லை. அதே ஃபோர்க்லிஃப்டின் மாஸ்ட் சங்கிலி அறுந்து சுமையோடு ஃபோர்க் இறங்கினால், அறுந்தது தூக்கும் சாதனத்தின் உறுப்பு. அது சங்கிலிதான், ஆனால் ஸ்லிங் அல்ல.

அறுந்த முனையைப் பாருங்கள்

படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்துக்கு வருமுன் அறுந்த துண்டைப் பத்திரப்படுத்துங்கள். முனையில் கம்பி இழைகள் ஒடுங்கி, இழுத்து மெலிந்தது போல் இருந்தால் அளவுக்கு மிஞ்சிய சுமை. இழைகள் மெலியாமல் தட்டையாக ஒடிந்து, பக்கத்திலும் பழைய ஒடிவுகள் தெரிந்தால் நாள்பட்ட களைப்பு முறிவு. ஒரே இடத்தில் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தால், கூர்விளிம்பில் அணை வைக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

சுமை மிஞ்சியதா என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 1.5 தொன் கட்டை இரண்டு கால்கள் தாங்கும்போது கால்களுக்கு இடையில் 60 பாகை என்றால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 0.87 தொன் வரும். நீளம் குறைந்த ஸ்லிங்கைப் போட்டு 120 பாகைக்கு விரித்தால் ஒவ்வொரு காலிலும் முழு 1.5 தொன் இழுக்கும். ஒரு காலுக்கு 1 தொன் என்று குறித்த ஸ்லிங் முதலாவதில் தாங்கும், இரண்டாவதில் அளவை மீறிவிடும். "ஸ்லிங் பழசு" என்று காரணம் எழுதிப் புது ஸ்லிங் வாங்கினால் அடுத்த கிழமையும் அதே கோணத்தில்தான் கட்டுவார்கள்.

விபத்து: 3 நாள் கணக்கு

இப்போது அதே விழுகையில் ஒரு கம்பி துள்ளி வந்து ஊழியர் ஒருவரின் பாதத்தில் அடித்தது என்போம். கட்டளைச் சட்டப்படி தொழிற்சாலையில் வேலை செய்பவரின் உயிரைப் பறித்த விபத்தும், அவர் செய்துவந்த வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாதபடி 3 நாட்களுக்கு மேல் முடக்கிய விபத்தும், விதிக்கப்பட்ட படிவத்தில் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு உடனே அறிவிக்கப்படவேண்டும். முடங்கியவர் பிறகு இறந்துவிட்டால், தெரிந்தவுடன் அதை இன்னொரு அறிவித்தலாக அனுப்பவேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய விளையாட்டு இலகு வேலை. திருகோணமலை வைத்தியசாலையில் கட்டுப்போட்டுக்கொண்டு இரண்டாம் நாளே அவர் வேலைக்கு வந்துவிட்டார், வாயிலில் கதிரை போட்டு லொறி இலக்கங்களை எழுதுகிறார், ஆகவே 3 நாள் ஆகவில்லை என்று வாதிடுவார்கள். சட்டம் கேட்பது அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாரா என்பதல்ல, தான் செய்துவந்த வேலையைச் செய்ய முடிந்ததா என்பது. கம்பி கட்டுபவர் கம்பி கட்ட முடியாத நாளெல்லாம் கணக்கில் சேரும். இடையில் ஞாயிறும் போயாவும் வந்தால் அவற்றைக் கழித்து நாளைச் சுருக்குவதும் நல்லதல்ல. அன்று வேலை இருந்திருந்தால் செய்திருப்பாரா என்று கேட்டு, மருத்துவச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள்.

ஆகவே விபத்துப் படிவத்தை முதல் நாளே முடிவுகட்ட முடியாது. முதல் நாள் முதலுதவிப் பதிவாக இருந்த ஒன்று நாலாம் நாளில் அறிவிக்கவேண்டிய விபத்தாக மாறலாம். கோப்பில் நாலாம் நாளுக்கு ஒரு குறிப்புப் போட்டு, அன்று ஊழியரின் வேலையிடத்துக்கே போய்ப் பார்ப்பது நடைமுறையில் சரிவரும் ஒரே வழி.

காலில் அடிபட்ட அதே நேரம் அறுந்தது கிரேனின் சொந்தக் கயிறு என்றால், விபத்து என்று எழுதியதால் ஆபத்தான நிகழ்வு காணாமல் போவதில்லை. கயிறு அறுந்ததற்கான அறிவித்தல் அன்றைக்கே போகவேண்டியது, 3 நாள் கணக்குக்குக் காத்திருக்காது. இரண்டையும் ஒரே படிவத்தில் சுருக்கி, காயத்தை மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். பொறியியலாளர் வந்து கிரேனைப் பார்க்கும் முன்னே புதுக் கயிறு சுற்றி வேலை தொடங்கியிருப்பது அப்படித்தான் நடக்கிறது.

கந்தளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் விழுந்தவரின் காயம் இந்தப் படிவங்களில் எதிலும் வராது, ஏனென்றால் அது தொழிற்சாலைக்குள் நடக்கவில்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்குகிறது. அதற்கான கோரிக்கை வேலையாள் நட்டஈட்டு ஆணையாளரிடம், வேறு தாளில் போகவேண்டும்.