wget ஒரு கனெக்‌ஷனா, aria2 நாலு கனெக்‌ஷனா?

சிம்மக்கல் பக்கம் சின்னதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது வழக்கம். போன மாதம் 4.8 ஜிபி ஐஎஸ்ஓ ஒன்று ஜெர்மனியில் இருக்கும் மிரரில் மட்டும்தான் கிடைத்தது. கடையில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ஆனால் wget நொடிக்கு 2.8 எம்பிக்கு மேல் போகவே மாட்டேன் என்றது, கணக்குப் போட்டால் அரை மணி நேரம். அதே ஃபைலை aria2 என்ற இன்னொரு டவுன்லோட் கருவியில் நாலு கனெக்‌ஷனாகப் போட்டேன், 11 எம்பி வந்தது, ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. அன்றிலிருந்து நான் aria2 கட்சி.

wget-க்கும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும், பாதியில் நின்றால் -c போட்டுத் தொடரலாம், பெரும்பாலும் எந்த சர்வரும் அதைப் பார்த்து முறைக்காது. சென்னையில் இருக்கும் மிரர் என்றால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

ஏன் தெரியாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சர்வர் ஒரு கனெக்‌ஷனில் கொஞ்சம் டேட்டாவை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். ஒரே நேரத்தில் வழியில் விட்டுவைக்கும் அந்த அளவுக்கு விண்டோ என்று பெயர். கிணற்றில் நீர் இறைப்பது போலத்தான்: வாளி எவ்வளவு பெரியது, கிணறு எவ்வளவு ஆழம், இந்த இரண்டுதான் கணக்கு. கிணற்றின் ஆழம் என்பது பிங், அதாவது டேட்டா போய்ப் பதில் வரும் நேரம், அந்த ஜெர்மனி சர்வருக்கு 180 மில்லிசெகண்ட். விண்டோ 512 கேபி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஐந்தரை வாளி, அதாவது 2.8 எம்பி, எனக்கு வந்த வேகத்தோடு ஒத்துப்போகிறது. சென்னைக்கு பிங் 20 என்றால் அதே வாளியில் 25 எம்பி வரும், நம் லைனே தாங்காது.

நாலு கனெக்‌ஷன் என்றால் அதே கிணற்றில் நாலு கயிறு. நாலு மடங்கு சேர்ந்ததும் என் 100 எம்பிபிஎஸ் நிரம்பிவிட்டது. ஆசைப்பட்டு எட்டு போட்டுப் பார்த்தேன், ஒரு பைசா பிரயோஜனமில்லை, தொட்டிக்குப் போகும் குழாய் அவ்வளவுதானே! இன்னொரு லாபம், வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அந்த ஒரு கனெக்‌ஷன் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மற்ற மூன்றும் அதே வேகத்தில் ஓடும். ஒற்றைக் கனெக்‌ஷனில் அந்த அடி முழு டவுன்லோடுக்கும் விழும், தூரம் அதிகமென்றால் பழைய வேகத்துக்குத் திரும்பவும் நேரம் பிடிக்கும்.

```
aria2c -x 4 -s 4 URL
```

-s மட்டும் கொடுத்துவிட்டு வேகம் வரவில்லை என்பவர்கள் நிறைய. ஒரு சர்வருக்கு எத்தனை கனெக்‌ஷன் என்பதைச் சொல்வது -x, அதைச் சொல்லாவிட்டால் ஒன்றுதான். அதிகபட்சம் 16, ஆனால் அவ்வளவு தேவைப்பட்டதே இல்லை.

சரி, சர்வர் எப்போது மறுக்கும்? ஃபைலைத் துண்டு துண்டாகத் தரச் சம்மதிக்க வேண்டும், அது முதல் நிபந்தனை. முதல் நூறு பைட் மட்டும் கேட்டுப் பாருங்கள்:

```
curl -s -o /dev/null -D - -r 0-99 URL
```

206 வந்தால் துண்டு கிடைக்கும். 200 வந்தால் நீங்கள் கேட்டதைக் காதில் வாங்காமல் முழு ஃபைலையும் அனுப்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், Ctrl+C போட்டுவிட்டு wget-க்கே போங்கள்.

துண்டு கொடுத்தாலும் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருக்கலாம், எனக்கே நடந்தது. வேறொரு மிரரில் எட்டு போட்டதும் இரண்டு ஓடியது, மற்றவை 503. nginx என்ற சர்வர் மென்பொருளில் limit_rate என்பது கனெக்‌ஷனுக்கு இவ்வளவு வேகம் என்ற கணக்கு, ஆளுக்கு அல்ல. அதனால் எட்டு திறப்பவன் எட்டுப் பங்கு எடுத்துக்கொள்வான். அதைத் தடுக்கத்தான் கூடவே limit_conn போட்டு ஒரு ஐபிக்கு இரண்டு என்பது போல வரம்பு வைக்கிறார்கள், அதைத் தாண்டினால் வழக்கமாக வருவது அந்த 503. சில இடங்களில் 429 அல்லது 403. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. லைன் நெருக்கடியில் ஒன்பது பேர் ஆளுக்கொரு கனெக்‌ஷனும் நான் எட்டும் வைத்தால் கிட்டத்தட்ட பாதி எனக்கே வந்துவிடும், இலவசமாக நடத்தும் மிரரில் அது அடாவடி.

மொபைல் நெட்டில் இன்னொரு சிக்கல், பலருக்கும் வெளியே தெரிவது ஒரே ஐபி, யாரோ எடுத்த பங்குக்கு நமக்கு 503 வரலாம். மொபைலில் நான் அதிகம் டவுன்லோட் செய்தவன் இல்லை, அதனால் அங்கே நாலா இரண்டா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கடை ஃபைபரில் தூரத்து சர்வர் என்றால் நாலில் ஆரம்பிக்கிறேன், 503 வந்தால் -x 2, அப்போதும் வந்தால் aria2 விட்டுவைத்த பாதி ஃபைலை அழித்துவிட்டு, wget -c போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன்.